கழற்றி வைத்த சக்கரங்கள்

செப்டம்பர் 22, திங்கள்

நடுக்காட்டூர் வந்து சேர்ந்தேன். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் ஐம்பது நிமிடம். தங்குவதற்குப் பழைய பருத்திக் கிட்டங்கியை ஒட்டி ஓர் அறை. மின்விசிறி ஓடுகிறது. குழாயில் காலை ஆறு முதல் ஏழு வரை தண்ணீர் வரும்.

வேலை இதுதான். மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியப் போர்த்தேர் ஒன்றை அதே முறையில் செய்திருக்கிறார்கள். வரும் 10ஆம் தேதி அருங்காட்சியகக் குழு வந்து அதன் ஓட்டத்தைப் பார்க்கும். பிடித்தால் தேரை எடுத்துக்கொள்வார்கள். ஓட்டுபவருக்கும் குதிரைகளுக்கும் அங்கேயே நிரந்தர இடம் கிடைக்கும். அதுவரை நடப்பதை நாள்தோறும் பதிவு செய்ய ஓய்வுபெற்ற நிருபர் ஒருவர் வேண்டும் என்று பேராசிரியை ஹபீபா கேட்டிருந்தார். முப்பத்திரண்டு ஆண்டு நிருபர் வேலையில், இரண்டு பேரிடம் கேட்காமல் ஒரு செய்தியும் எழுதியவனில்லை என்று சொன்னேன். சேர்த்துக்கொண்டார்.

தேரைப் பார்த்ததும் முதலில் ஏமாற்றம்தான். கோயில் தேர் அளவுக்கு எதிர்பார்த்திருப்பேன் போலிருக்கிறது. இது இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு தட்டு. முன்னால் தொடையளவு உயரத்தில் வளைந்த கம்பு, பின்பக்கம் திறப்பு. எடை முப்பத்து நான்கு கிலோ. ஓட்டுபவர் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே கொண்டுபோனார்.

அவர் பெயர் கொம்பையா. நாற்பது வயது. முன்பு குதிரை வண்டிப் பந்தயங்களில் சாரதி.

செப்டம்பர் 23, செவ்வாய்

வெயில். துணி துவைத்தேன்.

கொம்பையா என்னை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

இன்று சக்கரத்தை விளக்கினார்கள். இதை முழுதாக எழுத வேண்டும்.

நம் மாட்டு வண்டிச் சக்கரத்தில் நடுவிலிருக்கும் குடத்தைக் கனமாகக் கடைந்து, துளையிட்டு, ஆரக்கால்களை அடித்து இறக்குவோம். இதில் அப்படியில்லை. ஒரு மரச்சட்டத்தை ஆவியில் வேகவைத்து ஆங்கில V போலக் கூர்மையாக மடக்குகிறார்கள். இப்படி மடக்கியவை ஆறு. பக்கத்துப் பக்கத்து மடிப்புகளின் கைகள் முதுகோடு முதுகு ஒட்டும்போது ஆறு ஆரக்கால்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு காலும் இரண்டு பாதி. ஒவ்வொரு மடிப்பும் இரண்டு கால்களுக்குச் சொந்தம். நடுவே ஈரமான பச்சைத்தோலைச் சுற்றிக் கட்டுகிறார்கள். தோல் காயக் காயச் சுருங்கி, இரும்புப் பட்டையைப் போல இறுக்கிப் பிடிக்கிறது. ஒட்டுவதற்கு வஜ்ஜிரப் பசை. மொத்தச் சக்கரத்திலும் ஓர் ஆணிகூட இல்லை. வெளிவளையமான வட்டையின்மேல் ஓடும் பட்டையும் தோல்தான்.

செய்தவர் பேச்சிமுத்து ஆசாரி. கேட்டேன்.

"மொத நாலு சக்கரத்தையும் அடுப்புல வச்சாச்சு சார். மடக்கும்போது படக்குனு ஒடியும். மேடம் வந்து, அந்தக் காலத்துலயும் எத்தனையோ ஒடிஞ்சிருக்கும் ஆசாரின்னு சொன்னாக. ஒடைச்சவன் பேரை யாரும் எழுதி வைக்கலயேன்னேன்."

மரம் கப்பலில் வந்தது. எகிப்தியர்களுக்கும் அப்படித்தானாம், வளைகிற மரம் அவர்கள் ஊரில் இல்லை, வடக்கிலிருந்து வரவழைத்தார்கள்.

சாயங்காலம் ஒரு வழக்கம் பார்த்தேன். ஓட்டம் முடிந்ததும் ஜெபராணி அச்சு நுனியில் செருகியிருந்த கடையாணிகளைப் பிடுங்கி இரண்டு சக்கரங்களையும் கழற்றிச் சுவரில் மாட்டினார். (ஜெபராணி வில்லாளி. வயது இருபத்தேழு. குதிரைப்படைப் பிரிவுக் காவலர், விடுப்பில் வந்திருக்கிறார்.) தேரின் உடல் பலகைமேல் உட்கார்ந்தது. காரணம் கேட்டதற்குப் பேராசிரியை சொன்னார்: "நின்ன எடத்துலயே பாரம் தாங்கினா இவ்வளவு மெல்லிய வட்டை தட்டையாயிடும். பழைய கிரேக்க அரண்மனைகள்ல தேர்க் கணக்கு எழுதின களிமண் பலகைகள் கிடைச்சிருக்கு. உடல் தனியா, சக்கரம் தனியா எழுதியிருக்காங்க. கழட்டி வைக்கிறது அவங்களுக்குப் பழக்கம்."

செப்டம்பர் 26, வெள்ளி

தேர் ஓடிப் பார்த்தேன். என் ஏமாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கண்மாய் வறண்டு, வெடித்த கரிசல் தரையாகக் கிடக்கிறது. அதில் அறுநூறு மீட்டருக்கு மண்ணைச் சமன்படுத்தியிருக்கிறார்கள். குதிரைகள் கொம்பையாவுடையவை: சிட்டு, பவுன். தோள் உயரம் நாலரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காலக் குதிரைகளும் ஏறக்குறைய இவ்வளவுதானாம். நுகம் கழுத்தடி மேட்டில், முதுகுத்திமிலுக்கு மேல், சேணத்தில் உட்கார்கிறது. மார்பில் ஒரு பட்டை.

ஐந்தாவது அடியிலேயே வேகம் பிடித்துவிட்டது. மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் என்று ஜெபராணியின் கைப்பேசி காட்டியது. அச்சு தட்டின் பின்விளிம்புக்குக் கீழே இருக்கிறது, சக்கரங்களுக்கிடையே அகலம் அதிகம். அதனால் திரும்பும்போது கவிழாமல் தரையோடு படிந்து வழுக்குகிறது. தட்டு பலகையில்லை. கட்டில் போலத் தோல்வாரால் பின்னியது. மேடு பள்ளம் வந்தால் அந்தப் பின்னல் அதிர்வை வாங்கிக்கொள்ள, நிற்பவர்கள் முழங்காலை மடக்கி மீதியை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஜெபராணி ஓடும் தேரிலிருந்து ஆறு அம்புகள் விட்டார். நாற்பது மீட்டரில் வைக்கோல் பொம்மைமேல் நான்கு தைத்தன.

இறங்கியதும் சொன்னார்: "அண்ணன் குதிரைய ஓட்டல சார், தரைய ஓட்டுறார். நான் நாண இழுக்குறப்ப ஒரு நொடி ஆட்டம் நிக்கும் பாருங்க, அது இவரு கை. நான் சொல்றதே இல்ல."

"ஒன் மூச்சு கேக்குமே" என்றார் கொம்பையா. "இழுக்கதுக்கு முன்ன மூச்சைப் புடிப்ப. அப்ப நான் கடிவாள வார லேசா விடுவேன்."

இதைத்தான் பேராசிரியை மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். ஒருவர் கை வாரில், ஒருவர் கை வில்லில். போர் நேரத்தில் சாரதியே கேடயத்தையும் பிடிப்பார். எகிப்தியரை எதிர்த்த ஹிட்டைட்டுகள் காதேசுப் போரில் மூன்றாவது ஆளையும் ஏற்றினார்கள். அவன் வேலை கேடயம். கூடவே காலாள்கள் ஓடிவருவார்கள், விழுந்த எதிரியை முடிக்க, விழுந்த தம் ஆளைத் தூக்க. அரசர்களின் சுவர்ப்படங்களில் மட்டும் ராஜா தனியாக நிற்கிறார், வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்பு விடுகிறார்.

அந்தப் படத்தைக் காட்டியதும் கொம்பையா சிரித்தார்: "படம் வரைஞ்சவன் ஒருநாளும் வண்டி ஏறலம்மா. மொதத் திருப்புலயே ராசா நுகத்துக்கு முன்னால கெடப்பாரு."

செப்டம்பர் 29, திங்கள்

பேராசிரியையின் திட்டத்தில் இரண்டாம் பாகம் உண்டு. இவ்வளவு அழகான கருவி ஏன் ஒழிந்தது என்பதையும் குழுவுக்குக் காட்ட வேண்டுமாம்.

தேரை விட்டுவிட்டு, அதே இரண்டு குதிரைகள்மேல் அதே இரண்டு பேரை ஏற்றினார். கொம்பையா ஒரு குதிரை, ஜெபராணி மறு குதிரை. இரண்டின் வாரும் கொம்பையா கையில்; ஜெபராணி வில்லோடு. அசீரியாவின் முதல் குதிரைப்படை இப்படித்தான் போனதாம். தேர்க்குழுவிலிருந்து தேரை மட்டும் உருவி எடுத்தது போல.

கொம்பையா இருபது ஆண்டு குதிரை ஓட்டியவர், குதிரைமேல் உட்கார்ந்ததில்லை. ஏறியதும் பவுனின் பிட்டத்துக்குப் பக்கத்தில் போய், முழங்காலைத் தூக்கிக்கொண்டு, கழுதைமேல் உட்காருவது போல உட்கார்ந்தார்.

"முன்னாடி வாங்கண்ணே, வாலப் புடிச்சிட்டு ஓட்டவா போறீங்க?"

"முன்னால ஒக்காந்தா கழுத்துல விழுந்துருவேன்மா!"

பேராசிரியை ஓடிப்போய் ஒரு புகைப்படம் கொண்டுவந்தார். அசீரியக் கல்லில் அப்படியே இருந்தது, அதே பின்பக்கம், அதே தூக்கிய முழங்கால். "ரெண்டாயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி உங்கள மாதிரிதான் உக்காந்தாங்க" என்றார். கொம்பையா நெடுநேரம் அந்தக் கல்வீரனைப் பார்த்தார். "பாவம், அவனுக்கும் நேத்து வரைக்கும் வண்டிதான்போல" என்றார்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

கிட்டங்கியில் பூஜை. கருவிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். வழக்கப்படி தேர் கழுவப்பட்டது. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றப்பட்டது. வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்தார்கள். ஊர் ஆட்கள் வந்து தட்டில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பேராசிரியை விடுமுறைக்குச் சென்னை போயிருக்கிறார். ஆசாரியும் ஊரில் இல்லை.

பார்க்க வருபவர்களுக்காகச் சக்கரங்களைக் கழற்றவில்லை. பொரி, சுண்டல் நன்றாக இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

இன்றும் கூட்டம். தேர் நின்றபடியே இருக்கிறது.

அக்டோபர் 4, சனி

விபத்து.

காலை ஒன்பதே காலுக்கு இரண்டாவது சுற்றில், இடப்பக்கத் திருப்பத்தில், வலச்சக்கரம் ஆடியது. ஓர் ஆரக்காலின் இரண்டு பாதிகளும் பிளந்தன. தட்டு சரிந்து ஜெபராணி தூக்கி வீசப்பட்டார். முழங்கையில் நல்ல சிராய்ப்பு, எலும்புக்கு ஒன்றுமில்லை. கொம்பையா விழவில்லை. வாரை விடாமல், சரிந்த தட்டில் ஒற்றைக்காலில் நின்று, எண்பது மீட்டருக்குள் குதிரைகளை நிறுத்தினார். இப்படி ஒன்றை நான் முன்பு பார்த்ததில்லை.

பேராசிரியை மதியம் வந்து சேர்ந்தார். யாரோ அவர் கைப்பேசிக்குப் பழைய செய்தித்துணுக்கு ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். 2014. பந்தயத்தில் சக்கரம் கழன்று துணைச்சாரதிக்குக் கால் முறிவு. "கடையாணியைச் சரிபார்க்காத சாரதியின் அலட்சியமே காரணம்." அதன்பின் சங்கம் கொம்பையாவைத் தடை செய்தது. பதினோரு ஆண்டாகப் பந்தயம் இல்லை.

செய்தியின் அடியில் "நமது நிருபர்" என்று மட்டும் இருந்தது.

பேராசிரியை என்னிடம் கருத்துக் கேட்டார். பதிவு செய்வது மட்டுமே என் வேலை என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆசாரி வந்து சக்கரத்தைப் பிரித்தார். குடத்தைச் சுற்றியிருந்த தோலை நகத்தால் அழுத்தினார். உள்ளே போனது. வட்டையின் குறுக்களவை நான்கு திசையில் எடுத்தார்: ஒரு பக்கம் பதினோரு மில்லிமீட்டர் குறைவு. தரையைத் தொட்டிருந்த பக்கம்.

"இதுக்குத் தண்ணி காட்டுனது யாரு?" என்று கேட்டார். "பச்சைத்தோல் நனைஞ்சா அப்பளம் மாதிரி. வஜ்ஜிரமும் கரைஞ்சிருக்கு. நனைச்சு, மூணு நாள் நிக்க வச்சு, மேல ஊரையே ஏத்தி, அப்படியே காய விட்டிருக்கீங்க. சக்கரம் வேற எப்படி இருக்கும்?"

எல்லோரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். தேர் அவர் பொறுப்பில் இருந்தது.

"பூசைக்கு வண்டியக் கழுவுறது வழக்கந்தானே" என்றார் கொம்பையா.  என்னைப் பார்க்கவில்லை.

பேராசிரியை குரல் உயர்த்தவில்லை. "உங்க கைய நான் குறை சொல்லல. கவனத்தச் சொல்றேன். ஜெபாவுக்குக் கழுத்து முறிஞ்சிருந்தா? பத்தாம் தேதி வேற ஆள வச்சுப் பாக்கிறேன்." குதிரைகளை மட்டும் வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்டார்.

கொம்பையா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பிறகு போய்க் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார்.

இரவு உணவு: இட்லி இரண்டு.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் லாயத்துக்குப் போனேன். பவுனின் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஊத்துனது நான். நீங்க ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்கதான் ஐயா சொல்லணும்."

முதல் தேதி காலையில் அவர் குதிரைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் என் ஸ்கூட்டரை முப்பது வருடமாகக் கழுவுவது போல, இரண்டு வாளி எடுத்து, குடம், ஆரக்கால் என்று கையால் தேய்த்துக் கழுவினேன். மரியாதையாகத்தான் செய்தேன். முதல் தேதிக் குறிப்பில் "ஊற்றப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். இந்த இலக்கணத்தில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

"அந்த 2014 செய்தியும்…" என்றேன்.

"தெரியும் ஐயா. வந்த அன்னைக்கே தெரியும். கம்பத்துல மைக் கட்டியிருந்த எடத்துக்குக் கீழ, பந்தயக் கமிட்டிச் செயலாளர் பக்கத்துல நின்னு எழுதிக்கிட்டிருந்தீங்க. நீலச் சட்டை."

"அன்னைக்கு என்ன நடந்தது?"

அவர் குளம்பைக் கீழே விட்டார். "காலைல ஊர்வலத்துக்குன்னு கமிட்டிக்காரங்க வண்டியக் கொண்டு போனாங்க. சக்கரத்தக் கழத்தி ஜரிகை சுத்தி மாட்டுனது அவங்க ஆளு. கோடு போட்டு நிறுத்துன எடத்துலதான் எங்கிட்டத் தந்தாங்க. கடையாணியப் பாக்கணும்னு எறங்குனேன், கொடி விழுந்துருச்சு. பாக்காம ஏறுனது என் தப்புதான். ஆனா கதை அதுலயே தொடங்கலல்ல?" குளம்புச் சுரண்டியைத் துடைத்துக்கொண்டே, "பதினோரு வருசத்துல இதக் கேட்ட மொத ஆளு நீங்க. வயசு வேற முப்பத்தொண்ணுன்னு போட்டிருந்தீங்க. எனக்கு இருபத்தொம்பது" என்றார்.

இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதியதில்லை என்று 22ஆம் தேதி எழுதியிருக்கிறேன். அன்று அந்தச் செயலாளர் ஒருவரிடம்தான் கேட்டேன். அச்சுக்குப் போக நாற்பது நிமிடம் இருந்தது. சாரதி இருபது அடி தூரத்தில், துணைச்சாரதியான தன் மைத்துனனின் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினொன்றரைக்குப் பேராசிரியையிடம் இரண்டையும் சொன்னேன். ஆசாரியும் ஜெபராணியும் இருந்தார்கள். ஜெபராணி கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "சார், நீங்க எங்க ஸ்டேஷன்ல எழுத்தரா இருந்திருக்கலாம்" என்றார். எனக்கு இது தேவைதான்.

பேராசிரியை நேரே லாயத்துக்குப் போனார். அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. திரும்பி வந்து ஆசாரியிடம், "உபரிச் சக்கரம் ஒன்னு இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் களிமண் பலகைகளிலும் உபரிச் சக்கரக் கணக்கு உண்டாம்.

அக்டோபர் 8, புதன்

உபரிச் சக்கரம் வலப்பக்கம். இடச்சக்கரத்தின் தோலைப் பிரித்துப் புதிதாகக் கட்டி, கூரைக்கு அடியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்று மேகம். மழை முந்தினால் கண்மாயில் தேர் இல்லை, பரிசல்தான். ஆசாரி நேற்றிலிருந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 10, வெள்ளி

மழை இல்லை.

குழுவில் ஐந்து பேர். கொம்பையா கடையாணிகளைத் தொட்டுப் பார்த்தார், ஜெபராணி பார்த்தார், பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் பாருங்க ஐயா" என்றார். பார்த்தேன். அச்சில் ஆட்டுக்கொழுப்பு தடவியிருந்தது. ஆணி இறுக்கமாக இருந்தது.

மூன்று ஓட்டம். மூன்றாவதில் முழுவேகம். நான் எழுதப்போவதில்லை என்று முடிவு செய்து பேனாவை மூடிவிட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை, அதுதான் வியப்பு. குளம்பொலி மட்டும், அதற்குப் பின்னால் ஒரு காற்று. மனிதன் செய்த பொருள் ஒன்று முதன்முதலாகக் குதிரையின் வேகத்தை வாங்கிக்கொண்டு, அதன்மேல் ஒருவன் கை நடுங்காமல் குறி பார்க்க முடிந்திருக்கிறது. எட்டு அம்பில் ஏழு.

அதன்பின் பேராசிரியை கண்மாய்க் கரையைக் காட்டினார். "இப்ப எதிரி கரைமேல ஏறிட்டான்."

தேர் கரையடிக்குப் போய் நின்றது. போக வழியில்லை. கொம்பையா நுகத்தை அவிழ்த்து, பவுன்மேல் ஏறினார், இந்த முறை திமிலை ஒட்டி. ஜெபராணி சிட்டுமேல். இரண்டு வாரும் கொம்பையா கையில். இரண்டு குதிரைகளும் ஒன்றாகக் கரையேறின. மேலே போய் ஜெபராணி அம்பு விட்டார். குழுவில் ஒருவர் கை தட்டினார்.

"இதுலயும் ரெண்டு ஆளுக்கு ஒரு வில்தான்" என்றார் பேராசிரியை. "மூணாவது படி பாருங்க."

ஜெபராணி தன் வாரை வாங்கி முடிச்சிட்டு, சிட்டின் கழுத்தில் போட்டார். முழங்காலால் மட்டும் திருப்பிக்கொண்டு, கரைமேலேயே பாய்ந்தபடி தனியாக இரண்டு அம்பு விட்டார். கொம்பையாவின் கையில் இப்போது ஒரு வார்தான். மறுகை சும்மா இருந்தது. அந்தக் கையிலும் ஒரு வில் கொடுக்கலாம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதே இரண்டு குதிரை, அதே இரண்டு ஆள், இப்போது இரண்டு வில். சமன்படுத்திய தரை வேண்டாம். வடக்கிலிருந்து மரம் வேண்டாம். ஒரு குதிரை விழுந்தால் மற்றது நிற்காது. குதிரைகளும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து பாரம் தாங்கின. மனிதர்கள் முன்னால் நகர்ந்து உட்காரக் கற்றுக்கொள்ள இருநூறு ஆண்டு ஆகியிருக்கிறது. கொம்பையாவுக்குப் பதினொரு நாள்.

குழுவின் தலைவி கேட்டார்: "அப்ப தேர் தோத்துப்போன கருவிதானே?"

கொம்பையா கரைமேலிருந்து பதில் சொன்னார். "இல்லம்மா. இந்தத் தேருதான் குதிரையோட எப்படிப் பேசணும்னு அவங்களுக்குச் சொல்லிக்குடுத்துருக்கு. கத்துக்கிட்டாக, எறங்கிட்டாக."

தேரை எடுத்துக்கொள்கிறார்கள். சாரதியோடு.

அக்டோபர் 11, சனி

என் பழைய ஆசிரியருக்கு எழுதி அனுப்பியது:

"திருத்தம். 2014இல் வெளியான குதிரை வண்டிப் பந்தய விபத்துச் செய்தியில் சாரதி கொம்பையாவின் அலட்சியமே காரணம் என்று எழுதியிருந்தேன். விழாக் குழுவினர் அன்று காலை சக்கரங்களைக் கழற்றி மாட்டினர் என்றும், கடையாணியைப் பார்க்கும் முன்பே கொடி விழுந்தது என்றும் அவர் கூறுகிறார். அன்று அவரிடம் நான் கேட்கவில்லை. அவருடைய வயதும் தவறு, இருபத்தொன்பது."

பதினோரு வருடத்துக்குப் பிறகு யார் படிப்பார்கள் என்று ஆசிரியர் கேட்டார். ஒருவர் படிப்பார் என்றேன். சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

சாயங்காலம் கடைசி ஓட்டம் முடிந்தது. கடையாணிகளைப் பிடுங்கி, இரண்டு சக்கரங்களையும் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, சுவரில் மாட்டினேன்.

ஏழு மணிக்கு மழை பிடித்தது.